அந்த ஹார்னை நான் அடித்திருக்கக் கூடாது

பாளையங்கோட்டையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வெள்ளைக் குச்சி புதிதல்ல. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாகப் போகும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். மற்ற ஊர்க்காரனை விட எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்றுதான் நாற்பத்தைந்து வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எனக்குப் பிளம்பிங் சாமான் கடை. பைப், டேங்க், மோட்டார் எல்லாம் ஏற்றிப்போக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறேன். டிரைவர் வராத நாட்களில் நானே ஓட்டுவேன். ஒரு ஐப்பசி மாதம், சாயங்காலம் ஏழு மணி இருக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வண்ணார்பேட்டையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். முன்னால் ஒரு டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வலது பக்கமாக ஒதுங்கி பஸ்ஸைத் தாண்டப் போனேன். வேகம் முப்பதுதான் இருக்கும். வேகமாகப் போனேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து முதலில் ஒரு குச்சி முனை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள். நான் ஹார்னை அடித்தேன். அடித்துவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன்.

இந்த வரிசை முக்கியம். அதனால்தான் இவ்வளவு நாள் கழித்தும் எழுதுகிறேன். ஹார்ன் சத்தம் கேட்டால் எதிரில் இருப்பவர் ஒன்று ஓடுவார், இல்லை பின்வாங்குவார் என்பது நம் கை எழுதி வைத்திருக்கும் கணக்கு. அவர் இரண்டும் செய்யவில்லை. அப்படியே நின்றுவிட்டார், சரியாக என் வண்டிக்கு நேராக. வண்டி வழுக்கி நின்றபோது அவருடைய முட்டிக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. குச்சி என் முன்சக்கரத்துக்குள் போய் மடங்கிவிட்டது.

இறங்கி ஓடினேன். "சார், சார், ஒண்ணும் ஆகலையே" என்று கையைப் பிடித்தேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "இப்ப நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கேன்?"

அவரைச் சாலையோரம் கொண்டுபோய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். அரசுப் பள்ளி ஆசிரியர். வரலாறு எடுக்கிறவர். பத்து வருடமாக அதே நிறுத்தத்தில் இறங்கி அதே இடத்தில் கடந்து வீட்டுக்குப் போகிறவர். வழக்கமாக பஸ் கிளம்பிப் போகும் வரை ஓரத்தில் நிற்பாராம். அன்று மழை. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்திருக்கிறார்: "போங்க சார், நான் நிக்கேன்." அதை நம்பி இறங்கியிருக்கிறார். அந்த டிரைவர் சொன்னது பொய்யில்லை. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் நிற்கவில்லை.

குச்சியைப் பார்த்தேன். நான்கு துண்டு அலுமினியக் குழாய், உள்ளே ஓடும் ரப்பர் நாடா அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும், தேவையில்லாதபோது மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது துண்டு கரும்புச் சக்கை மாதிரி நசுங்கியிருந்தது. பைப் வியாபாரி என்பதால் நிமிர்த்திப் பார்த்தேன், தேறவில்லை. வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்று சொன்னார். வீடு வரை அழைத்துப் போய்விட்டேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அடிக்கடி போக ஆரம்பித்தேன். அவரோடு நடந்த நடைகளில்தான் வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்தன.

முதலில் ஹார்னைப் பற்றி. "அண்ணாச்சி, ஹார்ன் என்ன சொல்லுதுன்னு நினைக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டார். வண்டி வருகிறது, ஒதுங்கு என்று சொல்கிறது என்றேன். "உங்களுக்கு அது வாக்கியம். எனக்கு அது வெறும் சத்தம். யாருக்கு அடிச்சீங்க, எனக்கா, முன்னால போற ஆட்டோவுக்கா? முன்னால போகவா, பின்னால வரவா? எதையும் அது சொல்லாது. ஆனா ஒண்ணு மட்டும் செய்யும். அதுவரைக்கும் நான் காதுல பிடிச்சு வச்சிருந்த மத்த எல்லாச் சத்தத்தையும் அழிச்சிரும்." அந்த நேரத்தில் அவர் எடுக்கக்கூடிய ஒரே புத்திசாலித்தனமான முடிவு அசையாமல் நிற்பது. நின்றால் வண்டிக்காரன் தன்னைச் சுற்றிக்கொண்டாவது போவான் என்று நம்புவது. நடுரோட்டில் நின்றுவிட்டால் வந்த திசை தவறிவிடும். அதனால்தான் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

ஹார்னுக்குச் செலவான நேரத்தையும் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. குச்சி முனையைப் பார்த்தபோது பஸ்ஸின் பின்பக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன், அதாவது ஒரு பதினைந்து மீட்டர் தூரம். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும், அதில் எட்டு மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையிலேயே ஐந்து மீட்டர் வேண்டும், நனைந்த சாலையில் இன்னும் கொஞ்சம். பதினான்கு, பதினைந்து மீட்டருக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மனசு ஹார்னில் இருந்த அரை நொடியில் வண்டி நான்கு மீட்டர் ஓடும். குச்சி போனது அந்த நான்கு மீட்டருக்குள்தான் என்று நினைக்கிறேன். கடைசி நேரத்தில் வலது பக்கம் ஒடித்ததால் ஆள் தப்பினார். அதே இடத்தில் நாற்பதில் வந்திருந்தால் ஒரு நொடிக்குப் பதினொன்று, பிரேக்குக்கு ஒன்பது, ஆக இருபது மீட்டர். ஹார்ன் அடிக்காமல் இருந்திருந்தாலும் பதினைந்து மீட்டருக்குள் நின்றிருக்க முடியாது. நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத வரை இப்போது நான் இருபதுக்கு மேல் போவதில்லை. பின்னால் வருகிறவன் திட்டுகிறான். திட்டட்டும்.

இதே கணக்கை அவர் பக்கமிருந்து போட்டால் இன்னும் பயமாக இருக்கும். சாலையின் ஒரு பாதி ஏழு மீட்டர் என்று வையுங்கள். குச்சியைத் தட்டிக்கொண்டு நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க ஏழு நொடி. நாற்பதில் வரும் வண்டி அந்த ஏழு நொடியில் எழுபத்தைந்து மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதாவது அவர் முதல் அடி வைக்கும்போது எழுபத்தைந்து மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியையும் காதால் பிடித்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றால் அது நடக்கிற காரியமா? மழை பெய்தால்? கடை வாசலில் ஜெனரேட்டர் ஓடினால்? அவர் சரியாகக் கேட்டுக் கடந்தார் என்றாலும் போதாது. நாம் நின்றால்தான் அவரால் முழுதாகக் கடக்க முடியும்.

என் மகன் எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வியைச் சத்தமாக வாசித்தான். பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடக்கும்போது ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? ஹார்ன் அடித்துவிட்டுப் போகலாம், வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையாகப் போகலாம், அந்தக் கோலையே வண்டியை நிறுத்தச் சொல்லும் போக்குவரத்துச் சின்னமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று விடைகள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் தொட்டிருப்பேன். நல்ல மனுஷன் செய்வது அதுதானே, மெதுவாகப் போவது. சரியான விடை மூன்றாவது. சிவப்பு விளக்குக்கு எப்படி நிற்பாயோ அப்படி நில்.

மெதுவாகப் போவது ஏன் தப்பு என்று சாரிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குத் தோன்றியே இராத விஷயம். உருண்டுகொண்டே வரும் வண்டியின் சத்தம்தான் அவருக்கு மிகவும் குழப்பமானதாம். வேகமாக வரும் வண்டி கேட்கிறது, அது தாண்டும் வரை நிற்கலாம். நின்றுவிட்ட வண்டியும் புரிகிறது, ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி எஞ்சின் துடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கிளட்சை விட்டு விட்டு ஊர்ந்து வருகிறவன் நிற்கப் போகிறானா, இடுக்கில் நுழைந்து போகப் போகிறானா என்று தெரியாது. நின்ற பிறகு ஆக்ஸிலரேட்டரை உறுமவிடுகிறவர்களும் அப்படித்தான். நமக்கு அது காத்திருக்கும் எரிச்சலில் கால் போடும் தாளம். அவருக்கு அது வண்டி கிளம்பிவிட்டது என்ற செய்தி.

ஆகவே முழுதாக நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜீப்ரா கோட்டின் மேல் மூக்கை நீட்டி நிறுத்தினால் குச்சி நம் பம்பரில் தட்டும். அவர் நம்மைச் சுற்றிக்கொண்டு போகப் பார்ப்பார். நேர்கோடு கெட்டுவிடும், அடுத்த தடத்துக்குள் சாய்ந்து நடப்பார். மிகத் தள்ளி நின்றால் அந்த இடைவெளியில் பைக்குகள் புகுந்துவிடும். ஒரு கார் நீளம் விட்டு நிற்பது சரியாக வருகிறது. நம் வண்டியைத் தாண்டியதும் கியர் போட்டுக் கிளம்பிவிடவும் கூடாது. அந்தப் பக்கம் ஏதாவது வந்தால் அவர் பின்னால் இரண்டு அடி எடுத்து வைக்கக்கூடும். அந்த இரண்டு அடிக்கான இடம் காலியாக இருக்க வேண்டும். அவர் நடுத்திட்டையோ எதிர் ஓரத்தையோ குச்சியால் தொட்டுவிட்ட பிறகு கிளம்பினால் போதும். கூடுதலாக ஐந்து நொடி ஆகும்.

நாம் நின்றுவிட்டோம், பின்னால் வருகிறவன் நிற்பானா? என் கதையே அதுதான், பஸ் நின்றது, நான் தாண்டினேன். இப்போது நான் நிற்கும்போது வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி முழங்கையிலிருந்து மேலே உயர்த்திப் பிடிக்கிறேன். லைசென்ஸ் வாங்கும்போது படித்த பழைய நிறுத்தல் சைகை. இண்டிகேட்டர் வந்த பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிடுவேன், ஆனால் மினுக்கும் விளக்கைப் பார்த்து எவனும் இப்போதெல்லாம் நிற்பதில்லை, கல்யாண கார் என்று நினைத்துக்கொள்கிறான் போல. வெளியே நீட்டிய கை கொஞ்சம் வேலை செய்கிறது. முக்கியமாக, வலது பக்கம் உரசித் தாண்ட வரும் பைக்காரன் கையைப் பார்த்தால் தயங்குகிறான்.

பேசுவதைப் பற்றி. கையை அசைத்து "போங்க போங்க" என்று காட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். யாருக்குக் காட்டுகிறார்கள்? சரி, வாயால் சொன்னால்? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. "போங்க சார்" என்பது நம் தடத்துக்கு மட்டும் நாம் கொடுக்கும் உத்தரவாதம் இல்லை, மொத்தச் சாலைக்கும் கொடுக்கும் உத்தரவாதம் போலக் கேட்கும். மற்ற தடங்கள் நம் கையில் இல்லை. சாரின் யோசனை இது: "நீங்க என்ன செஞ்சீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. 'சார், லோடு வண்டி, உங்களுக்கு வலது பக்கம், நின்னுட்டேன்.' போறதா வேண்டாமாங்கிறதை நான் பாத்துக்கிடுதேன்." இன்னொரு வண்டி வருவது தெரிந்தால் அதையும் சொல்லலாம், "பைக் ஒண்ணு வருது, நில்லுங்க" என்று. நில்லுங்க என்று தைரியமாகச் சொல்லலாம். போங்க என்று சொல்லக் கூடாது.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு, இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. சில சமயம் நாம் நிற்கவே கூடாது. அவர் ஓரத்தில் நிற்கிறார். நாம் நிறுத்துகிறோம். அவர் குச்சியை உடம்போடு சேர்த்து நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைக்கிறார். அதன் பொருள், நான் இப்போது வரவில்லை, நீங்கள் போங்கள். யாருக்காவது காத்திருக்கலாம், எதிர்ப்பக்கச் சத்தம் பிடிக்காமல் இருக்கலாம். அந்த நேரத்தில் நல்லெண்ணத்தில் நின்றுகொண்டே இருந்தால், நம் எஞ்சின் அவர் கேட்க வேண்டிய மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. போதாக்குறைக்கு நம் பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் பின்வாங்கியதைப் பார்த்துவிட்டால் உறுமாமல், ஒரே சீராக வண்டியை எடுத்துப் போய்விட வேண்டும். குச்சி முன்னால் நீண்டு, தரையில் இருந்தால் நில். பின்னால் போய்விட்டால் போ. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மாதக்கணக்கானது.

சிக்னலில் சாருக்குப் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், இடது திருப்பம். விளக்குக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும் வண்டிகள். அவர் விளக்கைப் பார்ப்பதில்லை, வண்டிகளின் சத்தத்தில்தான் விளக்கைப் படிக்கிறார். தன் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கி, தன் கூடவே ஒரு பக்கமாக வண்டிகள் கிளம்பினால், கடக்க நேரம் வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சத்தத்தை ஒட்டி இணையாக நடந்தால் கோடும் தவறாது. எல்லாம் சரியாகப் படித்து அடி எடுத்து வைக்கும்போது, கூடவே கிளம்பிய வண்டிகளில் ஒன்று அப்படியே இடதுபக்கம் ஒடித்து அவர் காலடிக்கு வந்துவிடும். நேராகப் போகிற வண்டியும் திரும்பப் போகிற வண்டியும் முதல் மூன்று மீட்டருக்கு ஒரே மாதிரிதான் சத்தம் போடும். இடது பக்கம் திரும்பும்போது, விளக்கு எந்த நிறத்தில் இருந்தாலும், திருப்பத்தின் வாயில் ஒருமுறை ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது நான் ஸ்டியரிங்கை வளைக்கிறேன்.

மின்சார ஸ்கூட்டர்கள் வந்த பிறகு அவர் காதுக்கு வேலை கூடிவிட்டது. எங்கள் தெருவிலேயே நான்கைந்து ஓடுகின்றன. மெதுவாக வரும்போது டயர் சத்தம்கூடக் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் மின்சாரக் கார்கள் எல்லாம் இருபது கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒரு சத்தத்தை எழுப்பியாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் டயரே சத்தம் போட்டுவிடும் என்பது கணக்கு. நம் ஸ்கூட்டருக்கு வாய்தான் இருக்கிறது. நின்றதும் "நின்னுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் பெட்ரோல் வண்டிக்காரருக்கும் இதேதான்.

இனி எனக்கு வெட்கமான பகுதி. ஒருநாள் சார் கடைக்கு வந்தார், குழாய் வாஷர் வாங்க. வாசலில் குட்டி யானை நின்றுகொண்டிருந்தது, இருபதடி பி.வி.சி. பைப் ஏற்றி, கேபினுக்கு மேலே ஏற்றிக் கட்டி, பின்பக்கம் ஆறடிக்கு நீண்டுகொண்டிருந்தது. நுனியில் வழக்கம்போல சிவப்புத் துணி கட்டியிருந்தேன். குச்சி பைப்புக்கு அடியில் சுகமாகப் போய்விட்டது. பைப் அவர் நெற்றியில் இடித்தது. பெரிய காயமில்லை, ஒரு சிராய்ப்பு. அவர் தடவிப் பார்த்து, துணியைத் தொட்டு, "இது யாருக்கு அண்ணாச்சி?" என்றார்.

குச்சி தரையை மட்டும்தான் சொல்லும், அதுவும் ஓர் எட்டு முன்னால். தோளை விடக் கொஞ்சம் அகலமாக இடமும் வலமும் தட்டிப் போவார்கள். இடது கால் முன்னால் போகும்போது குச்சி வலது பக்கம் தட்டும், அடுத்த காலுக்கு இடம் பார்த்து வைக்கும். பள்ளம், படி, கல், நிறுத்தியிருக்கும் பைக்கின் சக்கரம் எல்லாம் தெரிந்துவிடும். இடுப்புக்கு மேலே இருப்பது எதுவும் தெரியாது. திறந்த லாரிப் பின்கதவு, வேன் கண்ணாடி, கடையின் தாழ்வான தகரக் கூரை, என் பைப். அதைக் கண்டுபிடிக்க டெல்லி ஐ.ஐ.டி.யில் ஒலி அலையால் வேலை செய்யும் கருவி ஒன்றைக் குச்சியில் மாட்டும்படி செய்திருக்கிறார்கள். முன்னால் உயரத்தில் ஏதாவது இருந்தால் பிடி அதிரும். சாரிடம் அது இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடைபாதைக்குக் குறுக்கே பைப் நீட்டி வைத்திருப்பது என் தப்பு. இப்போது பத்தடியாக வெட்டித்தான் ஏற்றுகிறேன். முழு நீளம் கேட்கிறவர்களுக்குப் பெரிய வண்டி பிடித்துக் கொடுக்கிறேன். கூலி கொஞ்சம் அதிகம்தான், வாடிக்கையாளர் முணுமுணுக்கிறார்கள்.

வெள்ளை நிறத்தைப் பற்றி வரலாற்று வாத்தியார் என்பதால் அவரே ஒரு கதை சொன்னார். 1921-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் ஒரு விபத்தில் பார்வை இழந்தார். வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக அவருக்குப் பயம் வந்துவிட்டது. கையிலிருந்த கைத்தடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார், வண்டிக்காரன் கண்ணில் படட்டும் என்று. "யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. தட்டிப் பாக்கிறதுக்கு எந்த நிறமா இருந்தா எனக்கென்ன? குச்சி எனக்கு. வெள்ளை உங்களுக்கு." பிரதிபலிக்கும் பட்டையும், கீழே இருக்கும் சிவப்புத் துண்டும்கூட அப்படித்தான்.

ஆனால் வெள்ளை மட்டும் நம் கண்ணுக்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். விரல் தடிமன் உள்ள ஒரு குழாய், மழையில், எதிர் வண்டி வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. கூட்டத்தில் நான்கு கால்களுக்கு நடுவே மறைந்துவிடும். அதனால் குச்சியைத் தேடுவதை விட ஆளைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். சாலையோரம் நிற்கும் எல்லோரும் கழுத்தைத் திருப்பி வண்டி வருகிறதா என்று பார்ப்பார்கள். பார்வையற்றவர் திருப்பமாட்டார், அல்லது காதை மட்டும் லேசாகச் சாய்ப்பார். முகம் நேராக இருக்கும், ஒரு கை தொப்புளுக்கு நேராக முன்னால் இருக்கும். ஐம்பது மீட்டரிலிருந்தே இது தெரிகிறது. இன்னொன்று, குச்சி வைத்திருக்கிறவர் நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் "பார்த்துவிட்டார்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் வெளிச்சமும் நிழலும் தெரிகிறவர்களும் குச்சி வைத்திருக்கிறார்கள். ஹெட்லைட் அடிக்கும்போது அந்தக் கொஞ்சமும் போய்விடும். ஹைபீமைத் தாழ்த்துவது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வண்டியை விட்டு இறங்கி உதவப் போகிறவர்கள் அவர் கையையோ குச்சியையோ பிடித்து இழுக்காதீர்கள். அன்று நான் செய்தது அதுதான். முதலில் கேளுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அதற்கு மேலே அவர் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள்.

போன மாதம் அதே நிறுத்தம், அதே நேரம். பஸ் நின்றது. நான் அதற்குப் பின்னாலேயே நின்றேன், தாண்டவில்லை. பஸ் போன பிறகு சார் ஓரத்தில் நிற்பது தெரிந்தது. ஒரு கார் நீளம் விட்டு நிறுத்திக் கையை வெளியே நீட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் குச்சியை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, உங்க வண்டி பெல்ட் ரொம்பக் கத்துது. மாத்திருங்க, நடுவழியில அறுந்துரும்."

அந்த வாரமே மெக்கானிக்கிடம் விட்டு பெல்ட்டை மாற்றிவிட்டேன். எஞ்சின் இப்போது பூ மாதிரி ஓடுகிறது. நேற்று அதே இடத்தில் நிறுத்தினேன். அவர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார், குச்சியை நீட்டவில்லை.

"யாரு?" என்றார்.